1978இல் வைகொட்ஸ்கி பேசவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர் கலாசாலையில் இப்போது படிக்கிறவர்களும் அங்கே படிப்பிக்கிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள். ஏச வேண்டுமென்றால் முடித்துவிட்டு ஏசுங்கள்.

இந்த மாதம் மூன்று பேர் தங்கள் செமினார் பேச்சை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். "ஸேர், ஏழு நிமிஷம் தந்திருக்காங்க, ஒருக்காப் பார்த்துத் திருத்தித் தாங்க." மூன்றும் கல்வி உளவியல் மொடியூலுக்கு. மூன்று பேரும் வேறு வேறு ஊர், ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் மூன்று பேச்சிலும் இந்த வசனம் எழுத்துப் பிசகாமல் இருந்தது: "1978ஆம் ஆண்டு வைகொட்ஸ்கி என்பவர் சாரக்கட்டு எனும் எண்ணக்கருவை முன்வைத்தார்."

லெவ் வைகொட்ஸ்கி 1934இல் காசநோயில் மௌத்தாகிவிட்டார். அப்போது அவருக்கு 37 வயது. 1978 என்பது அவருடைய எழுத்துகளிலிருந்து சில பகுதிகளைத் தெரிந்தெடுத்து, அமெரிக்காவில் நான்கு பேர் தொகுத்து 'மைண்ட் இன் சொசைட்டி' என்ற பெயரில் வெளியிட்ட ஆண்டு. சாரக்கட்டு என்ற சொல் அவருடையதும் அல்ல. பிள்ளைக்குச் செய்யும் உதவிக்கு அந்தப் பெயரைப் பிரபலமாக்கியது டேவிட் வூட், ஜெரோம் புரூணர், கெயில் றொஸ் ஆகிய மூவரும் 1976இல் எழுதிய கட்டுரை. புரூணருக்கு வைகொட்ஸ்கியைத் தெரியும். 1962இல் வைகொட்ஸ்கியின் நூல் ஒன்று ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவரே அவர்தான். ஆகவே சிந்தனையில் உறவு உண்டு. ஆனாலும் அந்த ஒரு வசனத்தில் ஆண்டும் பிழை, ஆளும் பிழை.

ஒரு ஆண்டு பிழைத்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். ஆண்டு பிழைப்பது பெரிய குற்றமில்லை. எனக்கும் பிழைக்கும். இந்தப் பிழை எப்படி உண்டானது என்பதுதான் என் சண்டை. மொடியூலின் வாசிப்புப் பட்டியலில் 'வைகொட்ஸ்கி, 1978' என்று இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் திறந்தவருக்கு அது அவர் இறந்து 44 வருடங்களுக்குப் பிறகு வந்த தொகுப்பு என்று முன்னுரையிலேயே தெரிந்துவிடும். பட்டியலை மட்டும் பார்த்தவருக்குத் தெரியாது. யாரோ ஒரு பயிலுனர், எந்த வருடத்திலோ, பட்டியலை மட்டும் பார்த்து ஒரு பேச்சு எழுதினார். அது போட்டோகொப்பிக் கடையில் தங்கிவிட்டது. அங்கிருந்து பீடிஎஃப் ஆகி, இப்போது ஊர் ஊராகப் போகிறது.

இந்தப் பேச்சுகள் எப்படித் தயாராகின்றன என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. பட்டியலில் ஒன்பது வாசிப்புகள் இருந்தால் பேச்சில் ஒன்பது பந்தி. பியாஜே என்பவரின் கருத்துப்படி, ஸ்கின்னர் என்பவரின் கருத்துப்படி, புளூம் என்பவரின் கருத்துப்படி. ஒவ்வொருவருக்கும் ஒரு வரைவிலக்கணம். முன்னால் அவையோர் வணக்கம் ஒரு நிமிடம், பின்னால் நன்றியுரை அரை நிமிடம். மீதி ஐந்தரை நிமிடத்தை ஒன்பதால் பிரித்தால் ஒருவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு விநாடி. அந்த நேரத்துக்குள் பியாஜேயைப் பற்றி அவருடைய பெயரைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்? எழுதியவரும் வாசிக்கவில்லை, கேட்பவரும் கேட்கவில்லை, விரிவுரையாளர் பெயர்களை எண்ணிச் சரி போடுகிறார். ஜும்ஆவில் குத்பா நீண்டால் கடிகாரத்தைப் பார்க்கிற நாம்தான், செமினாரில் ஒன்பது பேரை ஏழு நிமிடத்தில் அடுக்குகிறோம்.

"மார்க்ஸ் அப்படித்தான் ஸேர் போடுறாங்க" என்பது முதல் பதில். அது முழுப் பொய்யில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் 'மூலங்களைப் பயன்படுத்தியமை' என்று ஒரு பெட்டி இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் எங்கேயும் 'எல்லா மூலங்களையும்' என்று இல்லை. இரண்டு மூலத்தை எடுத்து, ஒன்று சொல்வதை மற்றது எங்கே தாங்குகிறது, எங்கே தாங்கவில்லை என்று காட்டினால் அது பயன்படுத்தியதுதான். ஒன்பது பெயர் சொல்வது வரவுப் பதிவு.

சரி, வேறு எப்படி எழுதுவது? குறை மட்டும் சொல்லிப் போகக் கூடாது. அந்த மூவரில் ஒரு தங்கச்சி, ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறவர், "அப்ப நீங்களே சொல்லுங்க ஸேர்" என்று பிடித்துக்கொண்டார். இரண்டு இரவு போனில் பேசிச் செய்தோம். அவருடைய சம்மதத்தோடு அதைச் சொல்கிறேன்.

முதலில் நான் பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்கட வகுப்பில அண்மையில எது பிழைச்சது?" என்று கேட்டேன். தரம் 4இல் கழித்தல் பிழைத்த கதையைச் சொன்னார். கீழே பேச்சில் வருகிறது. அதைக் கேட்ட பிறகுதான் பட்டியலை எடுத்தோம். ஒன்பதையும் வரிசையாக வாசிக்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, இந்தக் கதைக்கு இவரிடம் ஏதாவது பதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். புளூமின் பாகுபாடு வினாத்தாள் தயாரிக்க உதவும், இதற்கு இல்லை. ஸ்கின்னரிடம் ஒரு பதில் உண்டு, ஆனால் அது வேறு பேச்சு. பியாஜேயை விடத்தான் மனமில்லை, விட்டோம். மிஞ்சியது இரண்டு: 1976 கட்டுரை, 'மைண்ட் இன் சொசைட்டி'யின் ஆறாம் அத்தியாயம். பதின்மூன்று பக்கம். பட்டியல் முழுவதற்கும் பயந்துபோய் ஒன்றையும் வாசிக்காமல் விடுவதை விட, பதின்மூன்று பக்கத்தை அகராதியோடு உட்கார்ந்து இரண்டு தரம் வாசிக்கலாம்.

பிறகு ஒரே வசனத்தில் வாதத்தை எழுதச் சொன்னேன். அவர் முதலில் எழுதியது: "சாரக்கட்டு கற்பித்தலில் முக்கியமானது." இது வாதமில்லை. யாராவது எழும்பி "இல்லை" என்று சொல்லக்கூடிய வசனம்தான் வாதம். மூன்றாம் தடவை இப்படி வந்தது: "38 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் தனியாகச் சாரம் கட்ட முடியாது, பிள்ளைகளுக்குக் கட்டப் பழக்கினால் ஓரளவு முடியும்." இதற்கு இல்லை என்று சொல்லலாம். அப்போ பேச்சு இருக்கிறது.

இந்தச் 'சாரம்' என்ற சொல்லில் ஒரு தொல்லை. எங்கள் ஊரில் சாரம் என்றால் உடுப்பது. அவர் ஒத்திகை பார்த்தபோது வீட்டில் உம்மா சிரித்தாராம். மேசன்மார் கட்டிடத்துக்கு வெளியே கட்டும் தடிப்பந்தல் என்று முதலில் ஒரு வரி சொல்லிவிடுங்கள் என்றேன். கட்டிடம் எழும்பியதும் கழற்றிவிடுவார்கள் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

அவருடைய பேச்சு இது. ஒரு சொல்லும் அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தரம் 4இல் ஒரு பிள்ளை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். 2இலிருந்து 7 போகுமா? போகாது. பக்கத்தில் கடன் வாங்கு. 12இலிருந்து 7 போனால்? 5. மிச்சம் 4, அதில் 2 போனால்? 2. விடை 25. சரி போட்டேன். அப்படியே ஐந்து கணக்குச் செய்தோம், ஐந்தும் சரி. அடுத்த நாள் தனியாக ஒன்று கொடுத்தேன். 61 சய 34. அவள் எழுதியது 33.

முதல் நாள் அந்த ஐந்து கணக்கையும் செய்தது யார்? நான். அவள் எழுதினாள், அவ்வளவுதான். ஆனால் பாடக்குறிப்பில் நான் அதைச் சாரக்கட்டு என்று எழுதியிருந்தேன். சாரம் என்பது மேசன்மார் கட்டிடத்துக்கு வெளியே கட்டும் தடிப்பந்தல். சுவர் எழும்பியதும் கழற்றிவிடுவார்கள். நான் கட்டியது சாரம் அல்ல, சுவர்.

1976இல் வூட், புரூணர், றொஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேர். ஒவ்வொருவராக ஒரு ஆசிரியையுடன் இருக்க வேண்டும். முன்னால் 21 மரத்துண்டுகள். பொருத்தினால் ஆறு தட்டுள்ள கூம்பகம் வரும். ஆசிரியைக்கு விதி உண்டு. பிள்ளை தானாகச் செய்யக்கூடியதைச் செய்ய விட வேண்டும். முடியாவிட்டால் முதலில் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால்தான் கையால் உதவ வேண்டும். பிள்ளை சரியாகச் செய்தால் அடுத்த தடவை உதவியைக் குறைக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. நான்கு வயதுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குச் சரிதானா என்று பார்த்துக்கொடுத்தால் போதும். என் கழித்தலில் இந்தக் குறைத்தல் இல்லை. ஐந்தாவது கணக்கிலும் முதலாவதில் கேட்ட அதே கேள்விகளைத்தான் கேட்டேன்.

ஆனால் அந்த ஆசிரியைக்கு முன்னால் ஒரு பிள்ளை. எனக்கு முன்னால் 38. இங்கேதான் இரண்டாவது வாசிப்பு. வைகொட்ஸ்கி 1930களில் எழுதியது, ஆங்கிலத் தொகுப்பு 1978. பத்து வயதுப் பிள்ளைகள் இருவர். சோதனையில் இருவரும் எட்டு வயது மட்டம். உதவி கிடைத்தால் ஒருவர் 12 வயதுக்குரியதைச் செய்கிறார், மற்றவர் 9 வயதுக்குரியதை. இருவரும் ஒன்றா என்று கேட்கிறார். தனியாகச் செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் இடையே உள்ள தூரத்துக்குத்தான் அண்மை விருத்தி வலயம் என்று பெயர். உதவுபவர் யார் என்பதிலும் அவர் ஆசிரியரோடு நிறுத்தவில்லை. ஆற்றல் கூடிய சகபாடி என்றும் சொல்கிறார்.

என் வாதம் இதுதான். 38 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் தனியாகச் சாரம் கட்ட முடியாது. பிள்ளைகளுக்குக் கட்டப் பழக்கினால் ஓரளவு முடியும். சோடியாக இருத்தினேன். உதவுகிற பிள்ளைக்கு இரண்டு விதி. நண்பியின் பென்சிலைத் தொடக் கூடாது. ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: உன் விடையையும் கழித்த எண்ணையும் கூட்டினால் முதல் எண் வருதா? 33உம் 34உம் 67. வர வேண்டியது 61. பிழை என்று நான் சொல்லவில்லை, அவளே கண்டாள். எங்கே பிழை என்று கண்டுபிடிக்க இன்னும் நேரம் எடுத்தது.

எனக்கு விடை தெரியாத ஒரு இடம் உண்டு. சோடியில் இருவருக்கும் கடன் வாங்கத் தெரியாவிட்டால் இந்தக் கேள்வி பிழையைக் காட்டும், வழியைக் காட்டாது. அதை உங்களிடம் விடுகிறேன்."

நிதானமாக வாசித்தால் மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட. நான் கடிகாரம் வைத்துப் பார்த்ததில் தமிழில் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் அளவுதான் கேட்பவருக்குப் புரிகிறது. அதற்கு மேல் போனால் அது வாசிப்பில்லை, ஓட்டம். அவருக்கு மீதி நேரம் இருக்கிறதே என்று பயம் வந்தது. பியாஜேயைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இரண்டு கழித்தலையும் பலகையில் எழுதுங்கள், பிள்ளை எழுதிய மாதிரியே பிழையாக எழுதுங்கள், எல்லோரும் பார்க்கும் வரை வாய் திறக்காமல் நில்லுங்கள் என்றேன். அதிலேயே ஒரு நிமிடம் போகும். மிச்சத்தைக் கேள்விக்கு விடுங்கள்.

இதில் மூலங்களை எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று கவனியுங்கள். கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போட்டுவிடலாம். பேச்சில் அடைப்புக்குறி காதுக்குக் கேட்காது. யார், எப்போது, எத்தனை பேரை வைத்து, என்ன செய்தார் என்று வசனமாகச் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்ல முயன்றதும் வாசிக்காதவர் பிடிபட்டுவிடுவார், முதலில் தனக்கே. பழைய பிரதியில் 'வைகொட்ஸ்கி' வரும் இடங்களில் இதைச் செய்து பாருங்கள். யாரை வைத்து? தெரியாது. என்ன செய்தார்? தெரியாது. அப்படியானால் அந்தப் பெயர் பேச்சில் இருக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. 1976 கட்டுரை மரத்துண்டுகளைப் பற்றியது, பாடசாலைக் கணிதத்தைப் பற்றியது அல்ல. "ஆய்வு நிரூபித்துள்ளது, ஆகவே கழித்தலிலும் இப்படிச் செய்ய வேண்டும்" என்று அவர் முதலில் எழுதியிருந்தார். வெட்டச் சொன்னேன். ஆய்விலிருந்து அவர் எடுத்தது ஒரு விதி. அது தன் வகுப்பில் வேலை செய்ததா என்பதைத் தன் வகுப்பைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். இந்தப் பாய்ச்சல்தான் நல்ல பேச்சுகளிலும் நடக்கிற பிழை. வாசிக்காதவர்களுக்கு இந்தப் பிழை வராது. பாய்வதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை.

மொழிப் பிரச்சினை இருக்கிறது. அதைச் சொல்லாமல் பயிலுனர்களை மட்டும் ஏசினால் அது அநியாயம். பட்டியலில் பாதிக்கு மேல் ஆங்கிலம். தமிழ்மூலப் பயிலுனரிடம் அதைக் கொடுத்துவிட்டு, தமிழில் சுருக்கம்கூட இல்லாமல், ஏழு நிமிடப் பேச்சோடு வா என்றால் அவர் போட்டோகொப்பிக் கடைக்குத்தான் போவார். ஒன்பது வாசிப்புகளைப் பட்டியலில் போடுகிற விரிவுரையாளர், அதில் இரண்டை எடுத்து வகுப்பில் பக்கம் பக்கமாக ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டினால் மற்ற ஏழும் இல்லாவிட்டாலும் நட்டமில்லை. நான் படித்த காலத்தில் எனக்கு அப்படி யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானும் ஒன்பது பெயர் சொல்லித்தான் பாஸ் பண்ணினேன். சாரக்கட்டு வைகொட்ஸ்கியுடையது என்று சில வருடம் மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சி போன வாரம் பேசினார். கடைசியில் கேட்ட முதல் கேள்வி, "ஏன் பியாஜேயைச் சேர்க்கல்ல?" அவர் "இந்தப் பிள்ளை ஏன் 33 எழுதினாள் என்று அவரிடம் நான் தேடல்ல ஸேர், தேடினா வேற பேச்சு வந்திருக்கும்" என்றாராம். பிறகு பின்வரிசையில் ஒருவர், சோடியில் இருவருக்கும் தெரியாவிட்டால் பத்துத் தடிக்கட்டையும் தனித்தடிகளையும் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாராம். அதில் பத்து நிமிடம் எல்லோரும் வாதாடியிருக்கிறார்கள். மார்க்ஸ் மூவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் கிடைத்தது. மற்ற இருவரும் பழைய பிரதியையே வாசித்தார்கள்.

அந்தப் பிரதி இன்னும் சுற்றுகிறது. இந்தத் தவணைக்கும் யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள். கிடைத்தால் இரண்டாம் பக்கத்தைத் திறந்து 1978 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அனுப்பியவரிடம் ஆறாம் அத்தியாயத்தின் பதின்மூன்று பக்கமும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்பொக்ஸில் வாருங்கள், கொப்பி அனுப்புகிறேன்.